மூன்றுக்கு மூன்றா, இரண்டுக்கு இரண்டா? ஓட்டத்தில் மூச்சும் அடியும்

"காவலர் தேர்வுக்காக ஓடிப் பழகுகிறேன். 1500 மீட்டரை 7 நிமிடத்தில் முடிக்க வேண்டும், எனக்கு 7 நிமிடம் 25 நொடி ஆகிறது. 'மூன்று அடிக்கு இழு, மூன்று அடிக்கு விடு, இளைப்பே வராது' என்று கூட ஓடும் அண்ணன் ஒருவர் சொன்னார். அப்படி ஓடினால் 600 மீட்டருக்குள் மூச்சு முட்டுகிறது, வலது விலாவுக்குக் கீழே பிடித்துக்கொள்கிறது. எண்ணாமல் ஓடினால் கொஞ்சம் பரவாயில்லை, ஆனால் கடைசியில் கன்னாபின்னாவென்று இளைக்கிறது. முதல் 400 மீட்டரை 95 நொடியில் ஓடிவிடுவேன். காலையில் ராகிக் கூழ் குடித்துவிட்டுத்தான் மைதானத்துக்குப் போவேன். வயது 22, எடை 60 கிலோ. மூச்சை அடியோடு சேர்த்து ஓடுவதில் உண்மையிலேயே ஏதாவது இருக்கிறதா?"
– பாலக்கோட்டிலிருந்து ஒரு வாசகர்

தம்பி, இருக்கிறது. அந்த அண்ணன் உங்களுக்குத் தவறான விஷயத்தைச் சொல்லவில்லை, தவறான எண்ணைச் சொல்லிவிட்டார். மூன்றுக்கு மூன்று என்பது பேசிக்கொண்டே ஓடும் மெதுவான ஓட்டத்துக்கான கணக்கு. 7 நிமிடத்தில் 1500 மீட்டர் ஓடுகிறவருக்கு அது போதாது. ஏன் போதாது என்பது ஒரு சின்னக் கணக்கில் தெரிந்துவிடும். அதற்கு முன்னால், மூச்சும் அடியும் ஏன் சேர்கின்றன என்பதைச் சொல்லிவிடுகிறேன். காரணம் புரிந்தால் எண்ணை நீங்களே மாற்றிக்கொள்ளலாம்.

நாய் நாலுகால் பாய்ச்சலில் ஓடும்போது ஒரு பாய்ச்சலுக்கு ஒரு மூச்சுதான் விடும். குதிரையும் முயலும் அப்படித்தான். முன்கால்கள் தரையில் மோதும்போது மார்புக்கூடு அழுந்துகிறது, முதுகு வளைந்து நிமிர்கிறது, வயிற்றுக்குள் இருக்கும் உறுப்புகள் முன்னும் பின்னும் ஆடி உதரவிதானத்தை இடிக்கின்றன. இவ்வளவும் நடக்கும்போது வேறு தாளத்தில் மூச்சு விட அவற்றுக்கு வழியே இல்லை. மனிதன் இரண்டு காலில் நிமிர்ந்து ஓடுவதால் மார்புக்கூட்டின் மேல் அந்த அழுத்தம் விழுவதில்லை. அதனால் நமக்கு ஒரே தாளம் என்ற கட்டாயம் கிடையாது. டென்னிஸ் பிராம்பிள், டேவிட் கேரியர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1983-ல் 'சயன்ஸ்' இதழில் இதைப் பற்றி எழுதினார்கள். மனிதர்கள் பல விகிதங்களில் மூச்சையும் அடியையும் சேர்க்கிறார்கள், அவற்றில் அதிகம் காணப்படுவது நாலு காலடிக்கு ஒரு மூச்சு என்பது அவர்கள் கண்டது. இரண்டு அடிக்கு உள்ளே, இரண்டு அடிக்கு வெளியே. யாரும் சொல்லிக்கொடுக்காமலே பலர் அந்தத் தாளத்துக்கு வந்துவிடுகிறார்கள். நீங்கள் எண்ணாமல் ஓடும்போது பரவாயில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, அப்போது உங்கள் உடம்பும் பெரும்பாலும் அதைத்தான் செய்துகொண்டிருக்கும்.

இது எப்படி நடக்கிறது? உங்கள் கால் தரையில் படும் நொடியில் உடம்பு கீழே இறங்குவது நின்றுவிடுகிறது. ஆனால் வயிற்றுக்குள் இருக்கும் கல்லீரல், இரைப்பை, குடல் எல்லாம் தளர்வாகத் தொங்கிக்கொண்டிருப்பவை. அவை உடனே நிற்காமல் இன்னும் கொஞ்சம் கீழே போய், பிறகு மேலே எழும்பி வருகின்றன. பஸ் பிரேக் போட்டதும் நின்றுகொண்டிருப்பவர் முன்னால் சாய்ந்து பின்னால் வருவதைப் போல. கல்லீரல் மட்டுமே ஒன்றரைக் கிலோ எடை இருக்கும், அது உதரவிதானத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதனால் ஒவ்வொரு அடிக்கும் உதரவிதானம் கீழே ஒரு இழுப்பும் மேலே ஒரு தள்ளலும் வாங்குகிறது. நீங்கள் நினைத்தாலும் நினைக்காவிட்டாலும், ஒவ்வொரு அடியிலும் கொஞ்சம் காற்று நுரையீரலுக்குள் வந்து போகிறது.

இந்தத் தள்ளல் பொருட்படுத்தத் தக்கதா என்று ஆய்வாளர்களுக்குள் நீண்ட நாள் வழக்கு. 1992-ல் ஒரு குழு, ஓர் அடி தள்ளும் காற்றின் மொத்த அளவு மிகச் சிறியது, அதைக் கணக்கிலேயே எடுக்க வேண்டாம் என்றது. 2013-ல் மோனிகா டேலி, பிராம்பிள், கேரியர் மூவரும் 14 பேரை மணிக்கு 9 கிலோமீட்டருக்குச் சற்று மேலான வேகத்தில் ஓடவிட்டு, அளவை விட்டுவிட்டு காற்றின் வேகத்தைப் பார்த்தார்கள். அடி தரும் தள்ளல் கண நேரமே இருந்தாலும், அந்தக் கணத்தில் காற்றோட்டத்தை நொடிக்கு ஏறக்குறைய ஒரு லிட்டர் வேகத்துக்கு அது அசைத்தது. நீங்கள் வேகமாக ஓடும்போது மூச்சுக் காற்று நொடிக்குச் சுமார் 3 லிட்டர் வேகத்தில் போய்வருகிறது என்று வைத்துக்கொண்டால், ஒரு லிட்டர் என்பது சின்ன விஷயம் இல்லை.

அந்தச் சோதனையில் எனக்கு முக்கியமாகப் படுவது இன்னொன்று. உள்மூச்சு வெளிமூச்சாகத் திரும்பும் இடமும், வெளிமூச்சு உள்மூச்சாகத் திரும்பும் இடமும்தான் மூச்சுத் தசைகளுக்குச் சிரமமான இடங்கள். ஓடுகிற காற்றை நிறுத்தி எதிர்ப்பக்கம் திருப்ப வேண்டும். காலடி தரும் தள்ளல் உதவியாக விழும் நேரத்தில் அந்தத் திருப்பம் நடந்தபோது, எதிராக விழும் நேரத்தில் நடந்ததைவிட இரண்டு மடங்கு வேகமாக முடிந்தது. ஓடியவர்கள் தங்களை அறியாமலே உதவி கிடைக்கும் பக்கம் சாய்ந்திருந்தார்கள். உலக்கை குத்தும் பெண்கள் உலக்கை விழும்போது 'உஸ்' என்று மூச்சை விடுவதைப் பார்த்திருப்பீர்கள். விழுகிற நேரத்தில் மூச்சை இழுத்துக்கொண்டு குத்திப் பாருங்கள், பத்துக் குத்துக்குள் தோள் சோர்ந்துபோகும். ஓட்டத்திலும் திருப்பம் அடியோடு விழுந்தால், மூச்சுத் தசைகளின் வேலையில் ஒரு துளியை வயிறு எடுத்துக்கொள்கிறது.

ஒரு துளிதான் என்பதையும் நேராகச் சொல்லிவிட வேண்டும். மிதமான ஓட்டத்தில் உடம்பு எடுத்துக்கொள்ளும் ஆக்சிஜனில் நூற்றுக்கு ஐந்து பங்கு அளவுக்கு மூச்சுத் தசைகளுக்கே போகிறது, உச்சகட்ட ஓட்டத்தில் பத்துப் பங்கு வரை போகலாம். அந்தப் பத்தில் கொஞ்சம் மிச்சம் பிடித்தாலும் 25 நொடி குறைந்துவிடாது. தாளத்தோடு மூச்சுவிட்டால் ஆக்சிஜன் செலவு குறைகிறதா என்று பார்த்த சோதனைகளில் சிலவற்றில் சற்றே குறைந்தது, சிலவற்றில் வித்தியாசமே தெரியவில்லை. ஆனால் ஓடுகிறவருக்கு ஓட்டம் எவ்வளவு கடினமாகத் தோன்றுகிறது என்பது மூச்சின் வேகத்தோடு நெருங்கிய தொடர்புடையது. மூச்சு கலைந்து குட்டையாகிப் படபடத்தால், கால்களில் இன்னும் தெம்பு இருந்தாலும் 'முடியவில்லை' என்ற எண்ணம் வந்துவிடும். தாளம் தரும் உதவியில் பெரும்பகுதி இந்த இடத்தில்தான் கிடைக்கிறது என்பது, ஓட்டக்காரர்களைக் கவனித்துவரும் இயன்முறை மருத்துவனாக என் கருத்து.

சரி, உங்கள் கணக்குக்கு வருவோம். அடியை எண்ணும்போது வலது, இடது இரண்டையும் சேர்த்து எண்ண வேண்டும். தேர்வு வேகத்தில் ஓடும்போது 30 நொடிக்கு வலது கால் எத்தனை முறை படுகிறது என்று எண்ணி நாலால் பெருக்குங்கள். 43 வந்தால் நிமிடத்துக்கு 172 அடி. உங்கள் வேகத்தில் ஏறக்குறைய அதுதான் வரும் என்று வைத்துக்கொண்டு மேலே போகிறேன்.

60 கிலோ எடையுள்ள, ஓரளவு பழகிய இளைஞர் இந்த வேகத்தில் ஓடும்போது நிமிடத்துக்கு 90 லிட்டர் காற்றைப் போக வர விட வேண்டியிருக்கும். மூன்றுக்கு மூன்று என்றால் ஆறு அடிக்கு ஒரு மூச்சு. 172-ஐ ஆறால் வகுத்தால் நிமிடத்துக்கு 29 மூச்சுகூட வரவில்லை. அப்படியானால் ஒவ்வொரு மூச்சிலும் 3 லிட்டருக்கு மேல் இழுக்க வேண்டும். உங்கள் வயதுக்காரர் ஒருவர் முழுக்க இழுத்து முழுக்க விட்டாலே மொத்தம் 4 லிட்டர் அளவில்தான் இருக்கும். ஓடும்போது அதில் பாதி, இல்லையென்றால் பாதிக்குக் கொஞ்சம் மேல்தான் வசதியாக எடுக்க முடியும். அதற்கு மேல் போனால் மார்புக்கூடு ரப்பரைக் கடைசிவரை இழுத்த மாதிரி எதிர்த்து நிற்கும். ஆக மூன்றுக்கு மூன்றில் உங்களுக்குத் தேவையான காற்று உள்ளே வரவில்லை, அதைவிட முக்கியமாக, வெளியே போக வேண்டிய கரியமில வாயு போகவில்லை. மூச்சு விடச்சொல்லி மூளையை விரட்டுவது பெரும்பாலும் ஆக்சிஜன் குறைவு அல்ல, ரத்தத்தில் கூடும் இந்தக் கரியமில வாயுதான். 600 மீட்டரில் உங்களுக்கு முட்டுவது அதுதான். அது உங்கள் நுரையீரலின் பலவீனம் இல்லை.

இரண்டுக்கு இரண்டு என்றால் நிமிடத்துக்கு 43 மூச்சு, ஒரு மூச்சுக்கு 2.1 லிட்டர். இது உங்கள் நுரையீரலுக்கு ஏற்ற அளவு. இரண்டு அடிக்கு உள்ளே, ஒரு அடிக்கு வெளியே என்றால் மூன்று அடிக்கு ஒரு மூச்சு, நிமிடத்துக்கு 57 மூச்சு, ஒவ்வொன்றும் 1.6 லிட்டர். கடைசிச் சுற்றில் தேவை 90 லிட்டரைத் தாண்டிப் போகும்போது இதற்கு மாறலாம். அதற்கும் கீழே, ஒன்றுக்கு ஒன்று என்று இறங்கினால் நிமிடத்துக்கு 86 மூச்சு. இங்கே வேறு ஒரு நஷ்டம் தொடங்குகிறது. மூக்கு, தொண்டை, மூச்சுக்குழாய் ஆகியவற்றில் நிற்கும் சுமார் 150 மில்லிலிட்டர் காற்று ரத்தத்தோடு சேராமலே திரும்பிவிடும். மூச்சு குட்டையாக ஆக, அதில் வீணாகும் பங்கு கூடும். நீங்கள் 'கன்னாபின்னாவென்று இளைக்கிறது' என்று எழுதியிருப்பது அநேகமாக இந்தக் கட்டம்தான்.

ஆனால் அந்தக் கட்டத்துக்கு உங்களைக் கொண்டுபோவது மூச்சு இல்லை, முதல் 400 மீட்டர். 7 நிமிடத்தில் முடிக்க 400 மீட்டருக்கு 112 நொடி போதும். 95 நொடி என்பது 1500 மீட்டரை 6 நிமிடத்துக்குள் முடிக்கிறவரின் வேகம். அதில் கிளம்பிவிட்டு, மீதி 1100 மீட்டரை 350 நொடியில் ஓடுகிறீர்கள். அதாவது அங்கே 400 மீட்டருக்கு 127 நொடி ஆகிறது. முதலில் மிச்சம் பிடித்த 17 நொடியைப் பிறகு வட்டியோடு கொடுக்கிறீர்கள். தாளம் உங்களுக்கு உண்மையிலேயே பயன்படப்போவது இங்கேதான். முதல் 400 மீட்டரில் இரண்டுக்கு இரண்டில் நிம்மதியாக ஓட முடியவில்லை, இரண்டுக்கு ஒன்று என்று இறங்கத் தோன்றுகிறது என்றால், கடிகாரத்தைப் பார்க்காமலே தெரிந்துகொள்ளலாம், வேகம் அதிகம். ஆனால் முதல் 150 மீட்டரை வைத்து முடிவு செய்யாதீர்கள். உடம்பின் தேவை கூடிவர அவ்வளவு நேரம் ஆகும், அதுவரை எந்த வேகமும் சுகமாகத்தான் இருக்கும்.

பழகும் முறையைச் சொல்கிறேன். முதல் வாரம் தேர்வு வேகமே வேண்டாம். மெதுவாக ஓடுங்கள், மூச்சை மாற்றாமல் இப்போது எத்தனை அடிக்கு ஒரு மூச்சு விழுகிறது என்று மட்டும் கவனியுங்கள். மெதுவோட்டத்தில் மூன்றுக்கு மூன்றோ, மூன்றுக்கு இரண்டோ வந்தால் சரிதான், அங்கே அது இருக்கட்டும். பிறகு ஒரே ஒரு விஷயத்தைச் சேருங்கள். மூச்சை வெளியே விடத் தொடங்குவது ஒரு கால் தரையில் படும்போது நடக்கட்டும். உள்ளே இழுப்பதைப் பற்றி யோசிக்க வேண்டாம், ஒழுங்காக வெளியே விட்டால் உள்ளே வருவது தானாக வரும். வாயையும் மூக்கையும் இரண்டையும் திறந்து விடுங்கள். மூக்கால் மட்டும்தான் என்று சிலர் வற்புறுத்துவார்கள், 90 லிட்டரை மூக்கால் மட்டும் இழுப்பது மிகக் கஷ்டம்.

இரண்டாவது வாரத்திலிருந்து வாரத்தில் இரண்டு நாள், ஒரு நாள் விட்டு, 400 மீட்டரை 112 நொடியில் நாலு முறை ஓடுங்கள். நடுவில் இரண்டு நிமிடம் நடை. உங்கள் பள்ளி மைதானச் சுற்று 200 மீட்டர் என்றால் சுற்றுக்கு 56 நொடி. 'உள்-உள்-வெளி-வெளி' என்று மனதுக்குள் அடியோடு சொல்லிக்கொள்ளுங்கள். அப்புறம் அடுத்த வாரங்களில் 600 மீட்டர் இரண்டு முறை, பிறகு 1000 மீட்டர் ஒரு முறை. முழு 1500-ஐ பத்து நாளுக்கு ஒருமுறை ஓடிப் பார்த்தால் போதும். அதில் 1200 மீட்டர் வரை இரண்டுக்கு இரண்டு, கடைசி 300 மீட்டரில் இரண்டுக்கு ஒன்று. தேர்வுக்கு முன் நாலைந்து வாரம் இருந்தால் எண்ணுவதே மறந்து தாளம் மட்டும் நிற்கும். அதுதான் வேண்டும். எண்ணுவதில் கவனம் முழுக்கப் போய்விட்டால் ஓட்டம் விறைத்துவிடும்.

தாளம் உடைந்தால் பிடித்து இழுக்காதீர்கள். வளைவில் ஒருவரைத் தாண்டும்போது உடையும், எதிர்க்காற்றில் உடையும், எச்சில் விழுங்கினாலே உடையும். வத்தல்மலைச் சாலையில் ஏறி ஓடிப் பழகும் பையன்களைப் பார்த்திருப்பீர்கள். ஏற்றத்தில் அடியின் எண்ணிக்கை அப்படியே இருக்க, காற்றின் தேவை மட்டும் ஏறிவிடும். அங்கே சமதளத்துத் தாளத்தைக் காப்பாற்ற நினைப்பவர்தான் முதலில் நிற்பார். உடைந்தால் இரண்டு மூச்சு எப்படி வருகிறதோ அப்படி விட்டுவிட்டு, அடுத்த வெளிமூச்சை ஒரு காலடியில் மறுபடி தொடங்குங்கள்.

அடுத்து, விலாப் பிடிப்பு. நாலு அடி, ஆறு அடி போன்ற இரட்டைப்படைத் தாளத்தில் வெளிமூச்சு எப்போதும் ஒரே காலில்தான் தொடங்கும். உங்களுக்கு அது வலது காலாக இருந்திருக்கலாம். வெளிமூச்சு தொடங்கும்போது உதரவிதானம் மேலே ஏற, அதே நேரத்தில் வலது கால் பட்டு கல்லீரல் கீழே இழுபடுவதால் பிடிக்கிறது என்பது பழைய விளக்கம். வயிற்றின் உள்சுவரில் இருக்கும் மெல்லிய சவ்வு உரசிப் புண்படுவதால் வருகிறது என்பது பின்னால் வந்த விளக்கம், எனக்கு அதுவே இன்னும் பொருத்தமாகப் படுகிறது. எதுவாக இருந்தாலும் நிறைந்த வயிறு அதைக் கூட்டும். உங்கள் விஷயத்தில் நான் முதலில் கைவைப்பது ராகிக் கூழில்தான். கூழை விட வேண்டாம், நம் பக்கத்தில் அதைவிட நல்ல சாப்பாடு எது? ஓடி முடித்து வந்து குடியுங்கள். இல்லை, வெறும் வயிற்றில் ஓட முடியாது என்றால் ஓடுவதற்கு இரண்டு மணி நேரத்துக்கு முன் கொஞ்சமாகக் குடியுங்கள். கிளம்பும் முன் தண்ணீரும் இரண்டு வாய்தான்.

இவ்வளவுக்குப் பிறகும் பிடித்தால், ஓடிக்கொண்டே காலை மாற்றலாம். ஒரே ஒரு முறை இரண்டு அடிக்குப் பதிலாக மூன்று அடிக்கு உள்ளே இழுங்கள். அடுத்த வெளிமூச்சு தானாக இடது காலுக்குப் போய்விடும். கூடவே வலி இருக்கும் இடத்தை விரலால் அழுத்திக்கொண்டு, உடம்பைச் சற்று முன்னால் சாய்த்து, வெளிமூச்சை நீளமாக விடுங்கள். பலருக்கு ஒரு நிமிடத்துக்குள் தளர்ந்துவிடும். மூன்று அடி, ஐந்து அடி என்ற ஒற்றைப்படைத் தாளத்தில் கால் தானாகவே மாறி மாறி வரும். அதனால் காயங்களே வராது என்று சிலர் சொல்வதை மட்டும் நம்ப வேண்டாம், அதற்குப் போதிய ஆதாரம் இல்லை.

ஒன்றை மட்டும் தனியாகக் கவனியுங்கள். ஓட்டம் முடிந்து ஐந்து, பத்து நிமிடம் கழித்து வறட்டு இருமல் வருகிறதா, மூச்சை விடும்போது நெஞ்சில் விசில் போல் சத்தம் கேட்கிறதா? குளிர்ந்த மார்கழிக் காலையில் அது கூடுகிறதா? அப்படி இருந்தால் அது ஓட்டத்தால் தூண்டப்படும் மூச்சுக்குழாய்ச் சுருக்கமாக இருக்கலாம், எந்த எண்ணிக்கையாலும் அது சரியாகாது. ஓடும்போது நெஞ்சு நடுவில் வலித்தாலோ கண் இருட்டினாலோ ஓட்டத்தை அங்கேயே நிறுத்திவிடுங்கள். இதில் எது இருந்தாலும், தேர்வுத் தேதிக்குக் காத்திருக்காமல் தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய் ஒரு மருத்துவரைப் பாருங்கள். ஓடிய பிறகு எத்தனை நிமிடத்தில் தொடங்கியது, எவ்வளவு நேரம் இருந்தது என்று எழுதிக்கொண்டு போனால் அவருக்கு உதவியாக இருக்கும்.